55.42: நூறில் ஒரு நொடி என்றால் எவ்வளவு?

1984 ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சலஸ். பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட முதல் ஆண்டு அது. இறுதிப் போட்டியில் மொராக்கோவின் நவால் எல் முத்தவாக்கில் 54.61 நொடியில் தங்கமும், அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20 நொடியில் வெள்ளியும் வாங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் மூன்று பேர் ஏறக்குறைய ஒன்றாகவே கோட்டைத் தொட்டார்கள். ருமேனியாவின் கிறிஸ்தியானா கோஜோகாரு 55.41, பி.டி. உஷா 55.42, ஸ்வீடனின் ஆன்-லூயிஸ் ஸ்கோக்லுண்ட் 55.43.

உஷா நூறில் ஒரு நொடியில் பதக்கத்தை இழந்த கதையை நம் ஊரில் சொல்லாதவர் இல்லை. ஐந்தாவதாக வந்த ஸ்வீடன்காரரைப் பற்றிப் பேசுபவர்தான் யாருமில்லை. அவருக்கும் வெண்கலத்துக்கும் நடுவே இருந்தது நூறில் இரண்டு. இந்த மூன்று எண்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான், தடகளத்தில் நேரம் எப்படி அளக்கப்படுகிறது, இடம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பது பிடிபடும். அந்த இரண்டும் வேறு வேறு வேலைகள். குழப்பம் முளைப்பதே அங்கேதான்.

அன்று கையில் ஸ்டாப்வாட்ச் மட்டும் இருந்திருந்தால்

முதலில் ஒரு கற்பனைக் கணக்கு. லாஸ் ஏஞ்சலஸில் எலெக்ட்ரானிக் கருவியே இல்லை, கைக்கடிகாரக்காரர்கள் மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம்.

கையால் எடுக்கும் நேரம் எப்போதுமே உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். துப்பாக்கியின் புகையைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கட்டைவிரல் அழுத்துவதற்குள் ஒரு சிறு நேரம் ஓடிவிடும். ஆக, கடிகாரம் தாமதமாகத்தான் கிளம்புகிறது. முடிவில் இப்படி நடப்பதில்லை. ஓடி வருபவர் கண்ணெதிரே நெருங்கி வருவதால் விரல் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது, சரியாகக் கோட்டிலேயே அழுத்திவிடுகிறது. தொடக்கத்தில் தொலைத்ததை முடிவில் ஈடுகட்டுவதில்லை. இந்த வித்தியாசத்துக்குத் தடகளப் புள்ளிவிவரக்காரர்கள் ஒரு வழக்கமான அளவு வைத்திருக்கிறார்கள். 100, 200 மீட்டருக்கு 0.24 நொடி, 400 மீட்டருக்கு 0.14 நொடி. 400 மீட்டருக்கு ஏன் குறைவு என்றால், அங்கே ஓட்டம் கிளம்பும் இடம் கடிகாரக்காரர்கள் நிற்கும் பக்கமே இருக்கிறது. 100 மீட்டரிலோ துப்பாக்கி நூறு மீட்டருக்கு அப்பால். அங்கே புகையைப் பார்க்காமல் சத்தத்துக்குக் காத்திருக்கும் கடிகாரக்காரர், ஒலி வந்து சேரும் நேரமாகவே 0.3 நொடியைத் தொலைத்துவிடுவார்.

சரி, நம் மூவருக்கும் 0.14 கழிப்போம். 55.27, 55.28, 55.29. கைநேரத்துக்கு இன்னொரு விதி உண்டு. பத்தில் ஒன்றாக எழுதும்போது அடுத்த பெரிய பத்துக்கு ஏற்றித்தான் எழுத வேண்டும். 55.21 ஆனாலும் 55.29 ஆனாலும் 55.3 தான். ஆக மூன்று பேருக்கும் ஒரே நேரம்: 55.3, 55.3, 55.3. நாம் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வரும் 'நூறில் ஒரு நொடி' அந்தத் தாளில் இருந்தே இருக்காது. மூன்றாவது யார் என்பதைப் படிமேடையில் நின்ற நடுவர்கள் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

கைக்கடிகாரம் எவ்வளவு தளர்ந்த கருவி என்பது அதைப் பிடித்தவர்களுக்குத் தெரியும். நான் ஒரு மாவட்டப் பள்ளி மீட்டில் டைம்கீப்பராக நின்றிருக்கிறேன். பெண்கள் 100 மீட்டரில் இரண்டாம் இடத்துக்கு நாங்கள் மூன்று பேர். விசில், புகை, ஓட்டம், அழுத்தினோம். என் கடிகாரத்தில் 13.31, பக்கத்து பி.டி. மாஸ்டருக்கு 13.28, மூன்றாமவருக்கு 13.44. ஏற்றி எழுதினால் 13.4, 13.3, 13.5. மூன்றும் வேறு வேறாக இருந்தால் நடு எண்ணை எடுக்க வேண்டும் என்பது விதி, ஆகவே 13.4. இதற்குள் முதலிடத்துக்கு நின்ற மூவரணியிலிருந்து தாள் வந்தது: 13.5. முதலாவதாக வந்த பெண்ணைவிட இரண்டாவதாக வந்த பெண் வேகமாக ஓடியிருக்கிறார்! யாரும் பதறவில்லை. இடத்தை நடுவர்கள் சொல்லிவிட்டார்கள், அது மாறாது. ஆனால் தாளில் இரண்டு பேருக்கும் 13.5 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அது சரியா என்று கேட்ட எனக்கு, "வெயில்ல நிக்காதீங்க சார், நிழலுக்கு வாங்க" என்று பதில் கிடைத்தது.

மில்கா சிங்கின் இரண்டு நேரங்கள்

இது பள்ளி மைதானத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. 1960 ரோம் ஒலிம்பிக் 400 மீட்டர் இறுதியில் அதிகாரபூர்வ நேரம் கையால் எடுத்ததுதான். ஓடிஸ் டேவிஸ், கார்ல் காஃப்மன் இருவருக்கும் 44.9. மூன்றாவது தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸ் 45.5. நான்காவது மில்கா சிங் 45.6. 'பத்தில் ஒரு நொடியில் போன பதக்கம்' என்று நாம் சொல்லும் கதை இந்த இரண்டு எண்களிலிருந்துதான் வந்தது.

ஆனால் ரோமில் எலெக்ட்ரானிக் கருவியும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதன்படி டேவிஸ் 45.07, காஃப்மன் 45.08, ஸ்பென்ஸ் 45.60, மில்கா 45.73. ஒரே ஓட்டத்துக்கு இரண்டு கணக்கு. கைக்கும் கருவிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: டேவிஸுக்கு 0.17, காஃப்மனுக்கு 0.18, ஸ்பென்ஸுக்கு 0.10, மில்காவுக்கு 0.13. ஒரே பந்தயத்திலேயே விரல்கள் இப்படி ஆளுக்கொரு பக்கம் போயிருக்கின்றன. நான் மேலே கழித்த 0.14 ஒரு சராசரிதான், சட்டம் அல்ல.

மில்காவுக்கும் வெண்கலத்துக்கும் உண்மையில் இருந்தது 0.13 நொடி. அவர்கள் வந்த வேகத்தில் அது ஒரு மீட்டருக்கு மேல். உஷாவின் கதையையும் மில்காவின் கதையையும் ஒரே மூச்சில் சொல்கிறோம். தரையில் அளந்தால் இரண்டும் ஒரே ஜாதி இல்லை.

இந்த இரட்டைக் கணக்கு பின்னாலும் தொந்தரவு கொடுத்தது. 1998இல் கொல்கத்தாவில் பரம்ஜித் சிங் 45.70 ஓடி மில்காவின் தேசிய சாதனையை முறியடித்தார் என்று செய்தி வந்தபோது, 45.6 என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. 45.70 எப்படி 45.6-ஐ முறியடிக்கும்? 45.73-ஐத்தான் அது முறியடித்தது. 1977 முதல் 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களில் உலக சாதனைக்கு எலெக்ட்ரானிக் நேரம் மட்டுமே செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன்பு வரை எல்லா நாட்டு ஏடுகளிலும் இப்படி இரட்டை எண்கள் உலவின.

கீற்றுத் தட்டியின் இடுக்கு

இனி லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்புவோம். போட்டோ ஃபினிஷ் என்றதும் கோட்டில் எல்லோரும் நிற்கிற ஒரு புகைப்படம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அப்படிப்பட்ட படமே அல்ல.

தெருவில் தேர் போகிறது, நீங்கள் ஒரு கீற்றுத் தட்டிக்குப் பின்னால் நிற்கிறீர்கள். தட்டியில் ஒரே ஓர் இடுக்கு, அதுவும் நூல் அளவு. முதலில் வடம் பிடித்தவரின் கை அந்த இடுக்கில் தெரியும், பிறகு தோள், பிறகு குதிரைப் பொம்மை, பிறகு தேர்க்கால். எந்த நேரத்திலும் முழுத் தேர் தெரியாது. இடுக்கில் வந்ததையெல்லாம் வந்த வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போனால் ஒரு நீளப் படம் கிடைக்கும். அதில் இடமிருந்து வலம் என்பது தூரம் அல்ல, நேரம். போட்டோ ஃபினிஷ் கேமரா செய்வது இதைத்தான். அதன் செங்குத்துப் பிளவு முடிவுக்கோட்டின் முன் விளிம்பை மட்டுமே பார்க்கும். 1984இல் அந்தப் பிளவுக்குப் பின்னால் படச்சுருள் ஓடியது. இன்று ஒரே வரிசைப் பிக்சல்கள் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை படிக்கப்படுகின்றன. பெரிய போட்டிகளுக்கு நொடிக்குக் குறைந்தது 1000 வரிகள் வேண்டும் என்பது விதி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இருந்த கருவி 40,000 வரை எடுத்தது.

அதனால்தான் அந்தப் படங்களில் உடல்கள் விநோதமாக வளைந்திருக்கும். சரியாகக் கோட்டின் மேல் ஊன்றிய பாதம் பிளவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிறது, ஆகவே படகு மாதிரி நீண்டு போகும். பின்னணி முழுக்க ஒரே நிறப் பட்டை, ஏனென்றால் கோடு நகர்வதே இல்லை.

இந்தப் படத்தின் மேல் நடுவர் ஒரு செங்குத்துக் கோட்டை நகர்த்திக்கொண்டே வருவார். ஒவ்வொருவரின் உடற்பகுதியின் முன்விளிம்பிலும் அதைத் தொட்டு நிறுத்துவார். உடற்பகுதி என்றால் தோளிலிருந்து இடுப்பு வரை. தலை, கழுத்து, கை, கால், பாதம் எதுவும் கணக்கில் சேராது. முன்னால் நீண்ட விரல் ஜெயிக்க உதவாது, முன்னால் தள்ளிய மார்பு உதவும். கோட்டில் உடலை முன்னே எறியத் தவறியதைப் பற்றி உஷாவே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நடுவர் அந்தக் கோட்டை வைத்ததுமே இடம் முடிவாகிவிட்டது. யார் முன்னே, யார் பின்னே என்பது படத்திலேயே தெரிகிறது. அந்தக் கோடு நேர அளவுகோலில் எங்கே விழுகிறது என்று பார்த்து எழுதுவதுதான் நேரம். ஆக 55.41, 55.42 என்ற எண்கள் உஷாவை நான்காவதாக்கவில்லை. படம் அவரை நான்காவதாக்கியது. எண்கள் அதற்குப் பின்னால் வந்த சீட்டு.

ஏற்றி எழுதும் விதி

அந்தச் சீட்டிலும் ஒரு மறைவு இருக்கிறது. எலெக்ட்ரானிக் நேரத்தை நூறில் ஒன்றாக எழுதும்போதும், ஆயிரத்தில் ஏதாவது மிச்சம் இருந்தால் அடுத்த பெரிய நூறுக்கு ஏற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த 'ஐந்துக்கு மேல் ஏற்று, கீழே இறக்கு' இங்கே செல்லாது. எப்போதுமே ஏற்றம்தான். ஓடியதைவிட நல்ல நேரம் யாருக்கும் போய்விடக் கூடாது என்பதுதான் கணக்கு.

பாரிஸ் ஆண்கள் 100 மீட்டரில் இது பளிச்சென்று தெரிந்தது. நோவா லைல்ஸ் 9.784, கிஷேன் தாம்சன் 9.789. பள்ளிக் கணக்குப்படி ஒருவர் 9.78, மற்றவர் 9.79. தடகளக் கணக்குப்படி இருவரும் 9.79. நேரம் சமம், இடம் சமமில்லை. தாம்சனின் பாதம் முந்தியதே என்று இணையத்தில் பலர் படத்தைப் போட்டுச் சண்டை பிடித்தார்கள். பாதத்தை யார் கேட்டார்கள்?

விதி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2006 மே மாதம் தோஹா உதாரணம். ஜஸ்டின் காட்லின் 100 மீட்டரில் 9.76 ஓடி உலக சாதனை படைத்துவிட்டார் என்று அறிவித்தார்கள். கருவி பதிவு செய்தது 9.766. ஏற்றாமல் கடைசி எண்ணைச் சும்மா வெட்டிவிட்டிருக்கிறார்கள். சில நாட்களில் 9.77 என்று திருத்தம் வந்தது. அசாஃபா பவலின் சாதனையை முறியடித்தவர், அதைச் சமன் செய்தவராக இறங்கினார். பின்னால் ஊக்கமருந்து வழக்கில் அந்த ஓட்டமே ரத்தானது தனிக் கதை.

இப்போது உஷாவின் எண்ணை மறுபடி பாருங்கள். 55.42 என்றால் 55.411 முதல் 55.420 வரை எதுவும் இருக்கலாம். கோஜோகாருவின் 55.41 என்றால் 55.401 முதல் 55.410 வரை. ஆகவே இருவருக்கும் இடையே இருந்தது சரியாக நூறில் ஒரு நொடி என்று அந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. குறைந்தபட்சம் ஆயிரத்தில் ஒன்று, அதிகபட்சம் ஆயிரத்தில் பத்தொன்பது. 400 மீட்டரை 55.42 நொடியில் ஓடியவரின் சராசரி வேகம் நொடிக்கு 7.2 மீட்டர். அதை வைத்துப் பெருக்கினால் இடைவெளி 7 மில்லிமீட்டரும் ஆகலாம், 13 சென்டிமீட்டருக்கு மேலும் ஆகலாம். ஒரு முனையில் சுண்டுவிரல் நகம், மறுமுனையில் விரித்த உள்ளங்கை. 'நூறில் ஒன்று' என்ற சொல் இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது.

அப்படியானால் ஆயிரத்தில் ஒன்றையே அறிவித்துவிடலாமே என்று கேட்கலாம். ஒரே படத்தில் இருக்கும் இருவரைப் பிரிக்க அது பயன்படுகிறது. நேர அடிப்படையில் அடுத்த சுற்றுக்குப் போகும் கடைசி இடத்தில் சமன் வந்தாலும் அதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் வேறு ஊரில் வேறு நாளில் ஓடிய ஓட்டத்தோடு ஒப்பிட அது லாயக்கில்லை. ஓடுபாதை அளவில் சில சென்டிமீட்டர் கூடுதலாக இருப்பதை விதியே அனுமதிக்கிறது. தடமே அத்தனை இளகி இருக்கையில், நேரத்தில் 7 மில்லிமீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் பொருள் இல்லை.

கை மறைத்த தோள்

வரிகள் கூடக்கூடச் சமன் என்பதே ஒழிந்துவிடும் என்று நினைத்தவர்களுக்கு 2012 ஜூன் 23 ஒரு பாடம் வைத்திருந்தது. அமெரிக்காவின் யூஜீனில் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி, பெண்கள் 100 மீட்டர். கார்மெலிட்டா ஜீட்டர், டியானா மேடிசன் முதல் இரண்டு இடம். லண்டனுக்கு மூன்று பேர்தான் போகலாம். மூன்றாவது ஜெனீபா டார்மோ, 11.067, நான்காவது அலிசன் ஃபெலிக்ஸ், 11.068 என்று பலகையில் வந்தது. டார்மோ கொடியோடு மைதானத்தைச் சுற்றி வந்தார்.

கொஞ்ச நேரத்தில் முடிவு மாறியது. கோட்டின் இரண்டு பக்கமும் கேமரா இருந்தது. வெளிப்பக்கக் கேமராவின் படத்தில் இருவரின் உடற்பகுதியையும் அவரவர் கைகளே மறைத்திருந்தன. உட்பக்கக் கேமரா நொடிக்கு 3000 வரி எடுத்தது. அந்த வேகத்தில் ஒரு வரிக்கு மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான். ஆனாலும் பிரச்சினை மில்லிமீட்டரில் இல்லை. டார்மோவின் தோள் இங்கேதான் இருந்திருக்கும் என்று கைக்குப் பின்னால் ஊகித்துத்தான் நடுவர் முதலில் கோட்டை வைத்திருந்தார். பார்த்ததை மட்டும் வைத்துச் சொல்வதானால் பிரிக்க முடியவில்லை. இருவருக்கும் 11.068, சமன்.

கூத்து அதற்குப் பிறகுதான். மூன்றாம் இடத்தில் சமன் வந்தால் என்ன செய்வது என்று அந்தத் தேர்வுக்கு எழுதி வைத்த விதியே இல்லை. அவசர அவசரமாக ஒன்றை எழுதினார்கள்: ஒருவர் விட்டுக்கொடுக்கலாம், நாணயம் சுண்டலாம், அல்லது இருவரும் மறுபடி ஓடலாம். ஓட்டம் என்று முடிவாகி நாளும் குறித்தார்கள். அந்த நாளில் டார்மோ விலகிக்கொண்டார், ஃபெலிக்ஸ் போனார்.

மறைவு இருந்தால் நொடிக்கு 40,000 வரி எடுத்தாலும் அத்தனை வரியிலும் கைதான் தெரியும். அதனால்தான் இரண்டு பக்கமும் கேமரா வைக்கிறார்கள். படத்தைப் படிப்பவர் 'தெரிகிறது', 'இருக்கும்' என்ற இரண்டு சொற்களை எவ்வளவு கறாராகப் பிரிக்கிறார் என்பதில்தான் தீர்ப்பின் தரம் இருக்கிறது.

கோயம்புத்தூர்ப் பெண்ணின் 55.42

உஷாவின் 55.42 தேசிய சாதனையாக 39 ஆண்டுகள் நின்றது. 2023 அக்டோபர் 2, ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு. 400 மீட்டர் தடை ஓட்டத் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் ஓடி முடித்ததும் பலகையில் வந்த எண் 55.42. மறுநாள் இறுதியில் 55.68 ஓடி வெண்கலமும் வாங்கினார்.

சாதனை முறியவில்லை, சமன் ஆனது. இரண்டு பெயர்களும் ஒரே வரியில். ஆயிரத்தில் யார் முந்தினார் என்று சாதனை ஏடு கேட்பதில்லை. ஒன்று 55.411 ஆகவும் மற்றது 55.420 ஆகவும் இருந்தாலும் அதற்கு இரண்டும் ஒன்றுதான். தரையில் அந்த வித்தியாசம் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் வரும். லாஸ் ஏஞ்சலஸில் வெண்கலம் கைமாறியது ஒருவேளை இதைவிடக் குறைவான இடைவெளியில்தானோ என்னவோ.